மருந்து ஏன் கேட்காமல் போகிறது?

மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எனக்கு எழுதிய கடிதம் இது. அவருடைய அனுமதியோடு இங்கே தருகிறேன்.

“மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். சென்ற வாரம் நீங்கள் நடத்திய பாடத்தில் ஒரு சந்தேகம். திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது மருந்தின் பலன் மெதுவாகக் குறைந்தால் அது டாலரன்ஸ், விரைவாகக் குறைந்தால் டாக்கிஃபைலாக்சிஸ் என்று புத்தகத்தில் இருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்குள் குறைந்தால் விரைவு, எத்தனை நாளைக்குப் பிறகு குறைந்தால் மெதுவு என்று எங்கும் இல்லை. நைட்ரோகிளிசரின் பேட்ச் ஒரே நாளில் பலன் இழக்கிறது, ஆனால் அதை டாலரன்ஸ் என்கிறார்கள். அப்படியானால் இரண்டுக்கும் வேகம் மட்டும்தான் வித்தியாசமா? தேர்வில் இரண்டு வரி எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவேன். நாளைக்கு ஒரு நோயாளியின் முன்னால் நிற்கும்போது எதை வைத்துப் பிரிப்பது என்றுதான் தெரியவில்லை.”

கடைசி வரிக்காகவே இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்லத் தோன்றியது. “முன்னெல்லாம் அரை மாத்திரை போட்டாலே கேட்கும், இப்போது ஒன்று போட்டாலும் கேட்கவில்லை” என்று சொல்லாத குடும்பம் நம்மிடையே இருக்காது. கேட்காமல் போனதற்கான காரணம் ஒவ்வொரு மருந்துக்கும் வேறு. காரணம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் அளவைக் கூட்டுவதா, இடைவெளி விடுவதா, மருந்தையே மாற்றுவதா என்பது முடிவாகும். தவறாகப் பிரித்தால் தவறான வழியில் போவோம்.

மாணவிக்கு நான் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: கடிகாரத்தைப் பார்ப்பது முதல் படி மட்டுமே. “அளவைக் கூட்டினால் பலன் திரும்புகிறதா?” என்ற கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். டாலரன்ஸ் என்றால் பெரும்பாலும் திரும்பும். டாக்கிஃபைலாக்சிஸ் என்றால் பெரும்பாலும் திரும்பாது. ஏன் என்பதை இரண்டு நோயாளிகளை வைத்துப் பார்க்கலாம்.

முதலாமவர் சிசேரியன் அறுவைக்காக முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடப்பட்ட ஒரு தாய். அந்த ஊசி வலி நரம்புகளோடு சேர்த்து, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் செயலிழக்கச் செய்யும். குழாய்கள் தளரும், ரத்த அழுத்தம் இறங்கும். 120 இருந்த மேல் அழுத்தம் சில நிமிடங்களில் 85-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாய்க்குக் குமட்டல் வருகிறது. கருவுக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. மயக்கவியல் மருத்துவர் 6 மில்லிகிராம் எஃபெட்ரினை நரம்பில் செலுத்துகிறார். அழுத்தம் 112-க்கு ஏறுகிறது. சற்று நேரத்தில் மறுபடி இறங்குகிறது. இன்னொரு 6 மில்லிகிராம். இப்போது 104 வரைதான் ஏறுகிறது. மூன்றாவது முறை 95. நான்காவது முறை அளவை இரட்டிப்பாக்கிப் பார்த்தாலும் திரையில் எண் பெரிதாக நகர்வதில்லை.

இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்த வரிசை மயக்கவியல் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்தது. நம் நாட்டு அறுவை அரங்குகளில் அதிகம் பயன்படும் மெஃபென்டெர்மினிலும் இதே போக்கைக் காணலாம்.

எஃபெட்ரின் வேலை செய்யும் விதத்தில் இதற்கான விடை இருக்கிறது. ரத்தக் குழாய்களை அது தானே இறுக்குவது மிகக் குறைவு. குழாயின் சுவரில் வந்து முடியும் நரம்பு நுனிகளில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. எஃபெட்ரின் அந்த நுனிக்குள் நுழைந்து, சேமிப்பிலிருந்து நார்அட்ரினலினை வெளியே தள்ளுகிறது. குழாயை இறுக்குவது பெரும்பாலும் அந்த நார்அட்ரினலின்தான். அடுத்தடுத்துக் கொடுத்தால் வெளியே எடுக்கக்கூடிய சேமிப்பு தீர்ந்துபோகிறது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் குழாயை எவ்வளவு திறந்தாலும் என்ன வரும்? அளவைக் கூட்டுவது குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திறப்பதுதான். தொட்டி நிரம்ப நேரம் வேண்டும். நரம்பு நுனி புதிதாக நார்அட்ரினலினைத் தயாரித்து நிரப்பிக்கொள்ளும்வரை பொறுத்தால் எஃபெட்ரின் மறுபடி கேட்கும். அறுவை மேசையில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது.

எனவே மருத்துவர் வேறு வாசல் வழியாகப் போகிறார். சேமிப்பை நம்பியிராமல், ரத்தக் குழாயின் மேலுள்ள ஏற்பிகளில் நேரடியாகப் பற்றி வேலை செய்யும் ஃபினைல்எஃப்ரினை 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை கொடுக்கிறார். அழுத்தம் ஏறுகிறது. எஃபெட்ரின் தோற்ற அதே உடம்பில், அதே ரத்தக் குழாய்களில் இது வென்றது எப்படி? ஏற்பிகள் நன்றாகத்தான் இருந்தன. தீர்ந்துபோனது சேமிப்பு மட்டுமே. ஃபினைல்எஃப்ரின் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது என்பதால் துடிப்பையும் கவனித்தபடியே கொடுப்பார்கள்.

எங்கள் மாணவர்கள் இதை நேரில் பார்க்கிறார்கள். முன்பு மயக்கப்பட்ட நாயின் ரத்த அழுத்தத்தை வரைபடமாகப் பதிவுசெய்து காட்டுவோம். இப்போது கணினித் திரையில் அதே பரிசோதனை மாதிரியாக ஓடுகிறது. எஃபெட்ரினை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் வரைபடத்தின் முகடுகள் ஒன்றைவிட ஒன்று குட்டையாகிக்கொண்டே வரும். அதற்குப் பிறகு நார்அட்ரினலினை நேரடியாகக் கொடுத்தால் முகடு பழையபடி உயரமாக எழும்பும்.

சேமிப்புதான் காரணம் என்பதற்கு இன்னும் வலுவான சான்று 1958-இல் கிடைத்தது. ஆக்ஸ்போர்டில் பர்ன், ராண்ட் என்ற இருவர் விலங்குகளுக்கு முதலில் ரெசர்பின் கொடுத்தார்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த இந்த மருந்து நரம்பு நுனிகளின் நார்அட்ரினலின் சேமிப்பைக் காலியாக்கிவிடும். காலியான பிறகு, எஃபெட்ரினைப் போல மறைமுகமாக வேலை செய்யும் டைரமினைக் கொடுத்தால் பலன் இல்லை. நார்அட்ரினலினைச் சற்று நேரம் ரத்தத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றிவிட்டு மறுபடி டைரமின் கொடுத்தபோது பலன் திரும்பியது. காலியான நுனிகள் ரத்தத்தில் வந்ததை உறிஞ்சி மறுபடி நிரம்பிக்கொண்டதுதான் காரணம்.

சேமிப்புத் தீர்வது ஒரு வகை. வேறு சில மருந்துகளில் ஏற்பியே சில நிமிடங்களில் வாய் மூடிக்கொள்கிறது. அட்ரினலின் வகை மருந்துகள் பற்றும் பீட்டா ஏற்பியை மருந்து இடைவிடாமல் தூண்டிக்கொண்டிருந்தால், செல்லுக்குள் இருக்கும் நொதி ஒன்று அந்த ஏற்பியின் உள்முனையில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. உடனே அரெஸ்டின் என்ற புரதம் வந்து அமர்ந்து செய்தி உள்ளே போகாமல் தடுக்கிறது. இந்த ஏற்பிகளின் இயக்கத்தை அவிழ்த்ததற்காகவே ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். இங்கேயும் காலம் நிமிடக் கணக்குத்தான். தூண்டலை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் ஏற்பி திரும்பவும் திறக்கும்.

மாணவிக்கு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் எழுதினேன். மேசையில் இருக்கும் தாய்க்கு மூன்றாவது ஊசி கேட்கவில்லை என்றதும் டாக்கிஃபைலாக்சிஸ் என்று பெயர் சூட்டிவிடக் கூடாது. உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்திக்கொண்டிருக்கலாம், தாயை இடப்பக்கம் சற்றுச் சாய்த்தாலே சரியாகிவிடும். மயக்கம் தேவைக்கு மேலே மார்பு வரை ஏறியிருக்கலாம். இவற்றை எல்லாம் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் மருந்தைக் குறை சொல்ல வேண்டும்.

இரண்டாமவர் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய ஒரு பெரியவர். அவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை, அதாவது நாளுக்கு 60 மில்லிகிராம். முதல் சில வாரங்கள் நன்றாகத் தூங்கினார். பிறகு மூன்று மணி நேரத்திலேயே வலி எட்டிப்பார்க்கத் தொடங்கியது. மருத்துவர் ஒவ்வொரு வேளையையும் 15 மில்லிகிராம் ஆக்கினார், நாளுக்கு 90. வலி மறுபடி அடங்கியது.

எஃபெட்ரினோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். காலம் நிமிடக் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில் இருக்கிறது. அளவைக் கூட்டியதும் முழுப் பலன் திரும்பியது. மருந்து செய்யக்கூடிய வேலையின் உச்சம் அப்படியே இருக்கிறது, அந்த உச்சத்தை எட்டக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது, அவ்வளவுதான். இதுதான் டாலரன்ஸ். மார்ஃபின் நாள்தோறும் அமுக்கி வைக்கும் பாதைகளை நரம்புச் செல்கள் பதிலுக்கு முடுக்கிவிடுகின்றன. ஏற்பிகளும் மெல்ல மாறுகின்றன. செல் தன்னையே மாற்றிக்கொள்ளும் வேலை என்பதால்தான் நாட்கள் பிடிக்கிறது, மாறியது திரும்பவும் நாட்கள் பிடிக்கிறது.

நோயாளி கூடுதல் அளவு கேட்டாலே டாலரன்ஸ் என்று எழுதிவிடவும் கூடாது. புற்றுநோயில் அளவு கூட வேண்டியிருப்பதற்குப் பல சமயம் காரணம் நோய் முற்றியிருப்பதுதான். புதிதாக ஓர் எலும்பு விரிசல் விட்டிருந்தால் வலியே கூடியிருக்கும், மருந்தின் பலன் குறைந்திருக்காது. அதனால் அளவைக் கூட்டுவதற்கு முன்னால் வலி எங்கே, எப்படி, முன்பு இருந்த வலிதானா என்று விசாரிப்பார்கள், தேவைப்பட்டால் படம் எடுப்பார்கள்.

டாலரன்ஸில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஒரு மருந்தின் எல்லா விளைவுகளும் ஒரே சீராகப் பழகிப்போவதில்லை. மார்ஃபின் தரும் குமட்டலும் மயக்கமும் சில நாட்களில் குறையும். மூச்சை மந்தமாக்கும் விளைவும் பழகும். மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது. கண்மணி குண்டூசி முனைபோலச் சுருங்குவதும் மாறுவதில்லை. எனவே பெரியவருக்கு வலி மாத்திரையோடு மலமிளக்கியும் தொடர்ந்து வேண்டும். “மாத்திரை பழகிவிட்டதே, இனி அது எதற்கு” என்று வீட்டார் மலமிளக்கியை நிறுத்திவிட்டு, நாலாவது நாள் வயிறு உப்பி வலியால் துடிக்கும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருவது நடக்கிறது.

இதைவிட ஆபத்தானது, பழக்கம் போய்விடும் என்பதை மறப்பது. சில வாரங்கள் மார்ஃபினை நிறுத்தியிருந்த ஒருவர் பழைய உயர்ந்த அளவிலேயே மறுபடி தொடங்கினால், அந்த அளவைத் தாங்கும் நிலையில் உடல் இப்போது இல்லை. மூச்சு நின்றுவிடலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வெளியே வந்தவர்களோ சிறையிலிருந்து வந்தவர்களோ பழைய அளவை எடுத்து இறப்பதற்கும் இதுவே காரணம்.

டாலரன்ஸ் வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பெரியவர் போதைக்கு அடிமையாகிவிட்டார் என்று பொருள் இல்லை. அடிமைத்தனம் என்பது தீங்கு தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவது. டாலரன்ஸ் என்பது செல்லின் எதிர்வினை, எவருக்கும் வரும். இந்த வேறுபாடு புரியாமல், “பழகிவிடும், கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்” என்று வலியில் துடிப்பவர்களுக்கு மார்ஃபினை மறுக்கும் வீடுகள் இன்றும் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வலி உள்ளவருக்கு இன்று மருந்து கொடுப்பதால் நாளைக்கு அது தீர்ந்துபோய்விடாது. மார்ஃபினின் அளவை மருத்துவர் மேற்பார்வையில் தேவைக்கேற்ப உயர்த்தலாம்.

செல் பழகுவது போலவே கல்லீரலும் பழகும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமஸபின் தன்னை உடைக்கும் நொதியைத் தானே கல்லீரலில் பெருக்கிக்கொள்ளும். முதல் மாத்திரையில் ரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 36 மணி நேரம் ஆகும். சில வாரங்களுக்குப் பிறகு அதே பாதி 12 முதல் 17 மணி நேரத்தில் வந்துவிடும். அளவு மாறவில்லை, ரத்தத்தில் மருந்து குறைந்துவிட்டது. இதையும் மார்ஃபின் வகையையும் எப்படிப் பிரிப்பது? ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்தால் போதும். அளவு இறங்கியிருந்தால் கல்லீரல் பழகியிருக்கிறது. அளவு அப்படியே இருந்து பலன் மட்டும் குறைந்திருந்தால் செல் பழகியிருக்கிறது.

இனி மாணவியைக் குழப்பிய நைட்ரோகிளிசரின். அவருடைய குழப்பம் நியாயமானது. டைனமைட் தொழிற்சாலைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை தலைவலி மண்டையைப் பிளக்கும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போன நைட்ரோகிளிசரின் ரத்தக் குழாய்களை விரித்ததால் வந்த வலி அது. வாரத்தின் நடுவில் வலி மறைந்துவிடும். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் மறுபடி தொடங்கும். பழக்கம் விட்டுப்போகாமலிருக்க, நைட்ரோகிளிசரின் சிறிது தடவிய துணியை விடுமுறையிலும் உடம்போடு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. வேலையை விட்டு விலகியிருந்த நாட்களில் சிலருக்கு நெஞ்சுவலி வந்ததும், திடீர் மரணங்கள் நேர்ந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

நெஞ்சுவலிக்காக மார்பில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பேட்ச் வந்தபோது, நாள் முழுதும் ஒட்டியிருந்தால் நாள் முழுதும் காக்கும் என்று நினைத்தார்கள். ஒரே நாளில் பலன் மங்கிவிட்டது. பேட்ச்சின் அளவைப் பெரிதாக்கியும் பயனில்லை. நைட்ரோகிளிசரினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு உருவானால்தான் ரத்தக் குழாய் தளரும். அதை உருவாக்கித் தரும் நொதி ஒன்று செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டு. இடைவிடாத மருந்தால் அந்த நொதி முடங்கிப்போவது பலன் மங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம். தீர்வு, இரவில் பேட்ச்சை எடுத்துவிட்டு 10 முதல் 12 மணி நேரம் உடலுக்கு ஓய்வு தருவது.

அளவைக் கூட்டினால் திரும்பவில்லை, ஓய்வு கொடுத்தால் திரும்புகிறது. என் கேள்வியை வைத்துப் பார்த்தால் இது டாக்கிஃபைலாக்சிஸின் பக்கம்தான் நிற்கிறது. புத்தகங்கள் டாலரன்ஸ் என்றே எழுதிவருகின்றன, தேர்வில் அப்படியே எழுதட்டும். இரண்டுக்கும் நடுவே கத்தி வைத்து வெட்டிய கோடு கிடையாது என்பதை மாணவியிடம் ஒளிக்காமல் சொன்னேன். பெயரில் தடுமாறினால் பரவாயில்லை, இடைவெளி விட வேண்டும் என்பதில் தடுமாறக் கூடாது.

இது நம் வீடுகளில் அன்றாடம் நடக்கும் விஷயம். ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 20 மில்லிகிராம் மாத்திரையைப் பொதுவாக ஏழு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை போடச் சொல்வார்கள், காலை 8 மணி, மாலை 3 மணி என்பதுபோல. “இரண்டு வேளை என்றால் காலை, இரவு” என்று நினைத்து இரவு 8 மணிக்குத் தள்ளிவிடும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாள் முழுதும் ரத்தத்தில் மருந்து இருந்துகொண்டே இருந்தால், சில நாட்களில் அது கேட்காமல் போகும். அந்தச் சமனற்ற இடைவெளியே மருத்துவத்தின் பகுதி.

மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தும் இப்படித்தான். தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் விட்டால் பலன் நிற்கும் நேரம் சுருங்கிக்கொண்டே வரும். மருந்து இறங்கியதும் மூக்கு முன்பைவிட இறுக்கமாக அடைக்கும். அதற்காக மேலும் சொட்டு விடுவது அடைப்பை வளர்க்கும். நிறுத்தி, சில நாள் பொறுத்து, தேவையானால் மருத்துவர் தரும் வேறு மருந்துக்கு மாறுவதே வழி.

ஆன்டிபயாடிக் கேட்காமல் போவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே மாறுவது கிருமி, நம் உடல் இல்லை.

ஒரு மருந்து உங்களுக்குக் கேட்காமல் போனால் அளவை நீங்களே கூட்டாதீர்கள், நீங்களே நிறுத்தவும் செய்யாதீர்கள். பலன் எப்போதிலிருந்து குறைந்தது, எந்தெந்த நேரத்தில் போடுகிறீர்கள், எப்போதாவது ஒரு வேளை விட்டுப்போனபோது அடுத்த வேளை நன்றாகக் கேட்டதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பழகிப்போனதா, தீர்ந்துபோனதா, நோய்தான் கூடிவிட்டதா என்று பிரிக்க அந்தத் தாள் அவருக்கு வேண்டும்.